இரண்டு தடவை அனுப்பிய வீடியோ

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஏலக்காய் ஸ்டோரில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் கூடப் பிறந்த தங்கச்சி, எங்களோடு காய் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர், காய் உலர்த்துகிற அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மலையாளத்து ஆள், சூப்பர்வைசர் அண்ணன். அந்தப் பெண்கள் இரண்டு பேரில் ஒருத்தி தேவாரத்திலிருந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். இன்னொருத்தி எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வேறு யாரும் இல்லை. இதை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆறு பேர்தான்.

ஏழாவதாக இருக்க வேண்டிய அக்கா அந்நேரம் தங்கச்சி வீட்டுக்காரர் ஓட்டுகிற ஜீப்பில், பின்சீட்டில் படுக்கவைக்கப்பட்டு, போடிமெட்டு வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது. அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. பக்கத்து வீடு. பதினாலு வருஷமாக ஒரே ஜீப்பில் ஏறி, ஒரே ஏலச் செடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து காய் எடுத்தவள்.

மற்றதைச் சொல்வதற்கு முன்னால் என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். விடியுமுன் வீட்டைப் பூட்டிவிட்டு ஜீப்புக்கு ஓடுவேன். அடிவாரத்தில் முந்தல் தாண்டினதும் காஸை அணைத்தேனா என்று வந்துவிடும். மூன்றாவது வளைவில் பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்று வந்துவிடும். அதற்காகவே போன் வாங்கினதிலிருந்து தினமும் காலையில் அணைத்த அடுப்பையும் பூட்டின பூட்டையும் வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஜீப்பில் அதைப் போட்டுப் பார்த்தால்தான் நெஞ்சு அடங்கும். தங்கச்சி கேலி செய்வாள், "எங்கக்கா அடுப்புக்கு ஒரு படம், பூட்டுக்கு ஒரு படம்னு தெனம் ரெண்டு படம் ரிலீஸ் பண்றா" என்று. ஜீப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் எடுக்காமல் கிளம்ப மாட்டேன்.

அப்படித்தான் அந்தப் பாதையையும் எடுத்தேன். தோட்டத்தின் மேல் சரிவிலிருந்து ஸ்டோருக்கு இறங்குகிற வழியில் கல்லை அடுக்கிப் படியாகப் போட்டிருப்பார்கள். மழைக்கு ஒரு கல் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் காட்டிச் சரிசெய்யச் சொல்லலாம் என்று நாற்பது நொடி எடுத்தேன். கல் ஆடுகிறது. அதை ஒட்டி, பச்சைக் காய்ச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா நிற்கிறாள். பின்னாலிருந்து சூப்பர்வைசர் அண்ணனின் குரல், "ஏம்மா, அந்தச் சாக்கையும் சேத்துத் தூக்கு, ஒரே நடையா எறக்கிரு, ஜீப்பு நிக்கிதுல்ல" என்கிறது. அக்கா இரண்டாவது சாக்குக்காகக் குனிகிறாள். அதோடு வீடியோ நின்றுவிடும். ஏனென்றால் அண்ணன் என்னைப் பார்த்து, சோலியைப் பார் என்று சொன்னார். நான் போனை இடுப்பில் செருகிவிட்டேன். அதற்கப்புறம் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தக் கல்லிலேயே கால் வைத்தாள்.

தூக்கிக்கொண்டு வந்தோம். தங்கச்சிதான் தண்ணீர் கொடுத்தாள். ஜீப் இறங்கிப் போனபின், அது திரும்பி வருகிற வரைக்கும் நாங்கள் ஸ்டோரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. வெளியே மழை. உள்ளே அடுப்புச் சூடும் காய் வாசமும். ஆஸ்பத்திரியில் பதிவு போட அக்காவின் ஆதார் அட்டை கேட்பார்களே என்று தேவாரத்துக்காரிக்குத்தான் ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு முகாமுக்காக எங்கள் எல்லோருடைய அட்டையையும் அவள் படம் எடுத்து வைத்திருந்தாள். எங்கள் சரிவில் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறினால்தான் ஒரு கோடு வரும். அதனால் அந்தப் படத்தைத் தங்கச்சி போனுக்கு, நெட் இல்லாமலே போனிலிருந்து போனுக்குப் போகிற குயிக் ஷேரில் கொடுத்தாள். தங்கச்சி மேட்டுக்குப் போய் வீட்டுக்காரருக்கு அனுப்புவதாகப் பேச்சு.

மலையில் எங்களுக்கு அது புதிது இல்லை. பாட்டு, சாமி படம், காதுகுத்துப் போட்டோ எல்லாம் அப்படித்தான் கைமாறும். வாங்குகிறவள் தன் போனில் 'எல்லோருக்கும்' என்று திறந்துவைக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் அது தானாக மூடிக்கொள்ளும். கொடுக்கிறவள் போனில் பக்கத்தில் திறந்திருக்கிற போன்களின் பெயர் வரும். தொட்டால், வாங்குகிறவள் போனில் சம்மதம் கேட்கும். சம்மதம் கொடுத்தால் போகும். இரண்டு போனிலும் ஒரே மாதிரி நான்கு எண் காட்டும். சரியான ஆளுக்குத்தான் போகிறதா என்று பார்ப்பதற்காம். நாங்கள் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கொடுப்பதற்கு எண் எதற்கு?

அந்த நேரத்தில்தான் நான் அண்ணனிடம் சொன்னேன், அந்தக் கல்லை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணே, அப்பவே காட்டியிருக்கணும் என்று. என் தப்புதான் என்று அழுதேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தார். அவருடைய குரலும் அதில் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்கும்.

"அழுகாத ஆத்தா" என்றார். என்னை எப்போதுமே அப்படித்தான் கூப்பிடுவார். "இது இருக்கவும்தான் நல்லதாப் போச்சு. சாக்கோட நிக்கிறா பாரு. வேலையிலதான் விழுந்தான்னு மொதலாளிக்குக் காட்டிரலாம். ஆஸ்பத்திரிச் செலவ அவரே ஏத்துக்கிருவாரு. எனக்கு அனுப்பு, நான் போடிக்கு எறங்குன ஒடனே காட்டிர்றேன்."

ஏன் சந்தேகப்பட வேண்டும்? ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டு, எங்கெங்கோ கூலிக்கு அலைந்துகொண்டிருந்தவளை இந்தத் தோட்டத்தில் சேர்த்துவிட்டவர் அவர். போன தீபாவளிக்கு நானும் தங்கச்சியும் தவணையில் போன் எடுத்தபோது கடைக்காரரிடம் ஜாமீன் சொன்னவரும் அவர்தான். அவரும் அன்றைக்கே அதே வகைப் போன் எடுத்தார். மூன்று போனையும் கடைக்காரரே திறந்து சரிசெய்து கொடுத்தார். போனுக்கு வைக்கிற பெயரை நாங்கள் யாரும் மாற்றவில்லை. அதனால் மூன்றுக்கும் கம்பெனி போட்ட பெயரே பெயர்.

அவர் தன் போனைத் திறந்துவைத்தார். நான் அனுப்பப் போனேன். என் திரையில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தது. தங்கச்சி போனும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் திறந்தே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இரட்டையாகக் காட்டுகிறது போலிருக்கிறது என்று மேலே இருந்ததைத் தொட்டேன். கொஞ்சம் சுற்றியது. பச்சையாக, அனுப்பியாச்சு என்று வந்தது.

"வரலையே" என்றார் அண்ணன்.

மறுபடி அனுப்பினேன், இந்தத் தடவை இரண்டாவதைத் தொட்டு. அவர் போனில் கேட்டது, அவர் விரலை வைத்தார், வந்துவிட்டது. ஓடவிட்டுக்கூடப் பார்த்தார். அவருடைய குரல் ஸ்டோருக்குள் கேட்டது, "ஒரே நடையா எறக்கிரு". ஆறு பேரும் கேட்டோம்.

பிறகு என்னைத் தனியாக அடுப்புப் பக்கம் கூப்பிட்டார். அக்கறையாகத்தான் சொன்னார். "ஒம்போன்ல இத வச்சிருக்காத. நாளைக்கிக் கேசு கீசுன்னு வந்தா ஒம்போனத்தான் மொதல்ல புடுங்கிட்டுப் போவாய்ங்க. ஸ்டேசனுக்கும் கோர்ட்டுக்கும் நீதான் அலையணும். ஒனக்கு ஏன் ஆத்தா அந்தப் பாடு? நான் வச்சிருக்கேன்ல."

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். என்னிடம் சொன்னார். பூட்டை வீடியோ எடுத்துக்கொண்டு வருகிறவளிடம். இரண்டு நாள் தெருவில் பைக் சத்தம் கேட்டாலே போலீஸ் என்று ஜன்னலில் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் அழித்தேன். அழித்தால் குப்பைத்தொட்டிக்குள்தான் போய்க் கிடக்கும், ஒரு மாசம் வரைக்கும் எடுத்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். அடுப்புப் படமும் பூட்டுப் படமும் இடத்தை அடைக்கிறபோது அங்கே போய்த்தான் காலி செய்வேன். அன்றைக்கும் போனேன். காலி செய்தேன். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அழித்துவிட்டேன் என்று அண்ணனிடமும் போய்ச் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாளாகும் என்றதால் அக்காவின் மகன் அவளைத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தகடு வைத்தார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வட்டிக்கு வாங்கிக் கட்டினான். முதலாளி கொடுத்துவிடுவார், வீடியோ போயிருக்கிறது என்று அவனுக்குத் தைரியம் சொன்னதும் நான்தான். மூன்று வாரம் கழித்து அவன் முதலாளி வீட்டுக்குப் போனான். அங்கே அவனிடம் வருகைப் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். அன்றைய தேதியில் அக்காவின் பெயர் இல்லை. அன்று அவள் வேலைக்கு வரவில்லை, விறகு பொறுக்க ஜீப்பில் ஏறி வந்தாள் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீடியோவா, அப்படி ஒன்றும் வரவில்லையே என்றாராம் முதலாளி.

வருகைப் புத்தகத்தைச் சாயங்காலம்தான் எழுதுவார்கள். நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே அண்ணனிடம் போனேன். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அவரும் பதறுவார் என்றுதான் நினைத்தேன்.

"எந்த வீடியோ?" என்றார்.

நான் சொன்னேன். ஸ்டோரில் வைத்து வாங்கினீர்களே என்றேன்.

"எனக்கா? வாட்ஸப்புல அனுப்புனியா? எங்க, காட்டு பாப்போம்."

போனை எடுத்தேன். எதைக் காட்டுவது? வாட்ஸப்பாக இருந்தால் அவர் பெயருக்குக் கீழே அது நிற்கும், இரண்டு கோடு நிற்கும், அவர் பார்த்தால் நீலமாகும். இதில் ஒன்றும் இல்லை. கைக்குக் கை கொடுத்தது. நான் போனை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் என்னையே பார்க்கிறார். கோபமே இல்லை. பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. "ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். பயத்துல எடுத்ததா நெனச்சிக்கிட்டு இருந்திருப்ப. போ ஆத்தா, வெரசா மேல போயி எடுப்பப் பாரு" என்றார்.

அன்றைக்கு முழுக்கக் கை காயில் ஓடவில்லை. நிஜமாகவே எடுத்தேனா என்றுகூட ஒரு நேரம் தோன்றிவிட்டது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வருமென்று தெரிந்து, அதில் காலை வைத்தார்.

பிறகு ஒவ்வொருவரிடமாகப் போனேன். அவர் வாங்கினதைப் பார்த்தாய்தானே, அவர் குரல் கேட்டதுதானே? அடுத்த தெருக்காரி, மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். தேவாரத்துக்காரி அழுதாள், ஆனால் எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு என்று மட்டும் சொன்னாள். அடுப்பு ஆள், "ஞான் ஒண்ணும் கண்டில்ல சேச்சி" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்களை நான் என்ன சொல்ல? பதினேழு வளைவுக்கு மேலே இருக்கிற வேலை அது. வேலையிலிருந்து நிறுத்தினால் இன்னொரு தோட்டம் கிடைக்கும் என்பதெல்லாம் பேச்சுக்கு.

தங்கச்சி, "நான் ஆதார் படத்த வாங்குற சோலியில இருந்தேங்க்கா. கவனிக்கல" என்றாள். அவளை நம்பினேன்.

கடைசியாகப் போடியில் போன் எடுத்த கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். அழித்ததை எடுக்க முடியாதா, அனுப்பினதற்குக் கம்பெனியில் எங்கேயாவது கணக்கு இருக்காதா என்று கேட்டேன். நடுவில் கம்பெனி எதுவும் இல்லை என்றார். புளூடூத்தில் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும், பிறகு இரண்டு போனும் தங்களுக்குள் வைஃபையில் பேசிக்கொள்ளும், நெட்டே வேண்டாம், அதனால்தான் மலையிலும் வேலை செய்கிறது, அதனால்தான் கேட்க ஆளும் இல்லை. குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டால் இங்கே என் கையால் ஒன்றும் ஆகாது என்றார்.

நான் புலம்பிக்கொண்டே நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். இரட்டையாகப் பெயர் வந்ததையும் சொன்னேன். அவர் நிறுத்தினார்.

"இருங்கம்மா. மொதத் தடவ அனுப்பியாச்சுன்னு வந்துச்சா, இல்ல சுத்திக்கிட்டே நின்னுச்சா?"

"அனுப்பியாச்சுன்னு பச்சையா வந்துச்சு பாய்."

"அப்படின்னா அது போயிருச்சும்மா. அந்தப் பக்கம் ஒருத்தர் சம்மதம் குடுக்காம அப்படி வராது. பேரு ரெண்டு வந்துச்சுன்னா போன் ரெண்டு. அவருகிட்ட ஒண்ணு, இன்னொருத்தருகிட்ட ஒண்ணு. யாருகிட்டயோ இருக்கு."

இந்த வகைப் போன் அந்த ஸ்டோரில் யார் யாரிடம் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. மூன்றையும் விற்றவர் அவர். கல்லாவுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அடுத்த தெருக்காரி வைத்திருப்பது பட்டன் போன். அடுப்பு ஆளுடையதும் அப்படியே. தேவாரத்துக்காரியிடம் வேறு கம்பெனி. அவள் கொடுத்துக்கொண்டிருந்தவள், வாங்கத் திறந்துவைத்தவள் இல்லை. இத்தனையும் தெரிந்தும், வழியெல்லாம் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்று எண்ணிக்கொண்டே போனேன். ஆறு பேர்தான் வந்தது.

அன்று சாயங்காலமே தங்கச்சியிடம் கேட்டேன். எனக்கு வரலையேக்கா என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆதார் படத்தைத் தவிர எதுவும் வரவில்லையாம். சரி என்று வந்துவிட்டேன். ஜீப்பில் அதற்கப்புறமும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் நான் பூட்டு வீடியோவைப் போட்டுப் பார்க்கிறபோது கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

பத்து நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கறி அலசிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் காதுகுத்துக்கு எடுத்த சேலையைப் பார் என்று ஈரக் கையோடு போனைத் திறந்து என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளும் என்னை அத்தனை தூரம் நம்பியிருக்கிறாள். அல்லது, எனக்கு அதெல்லாம் தேடத் தெரியாது என்று நம்பியிருக்கிறாள்.

சேலையைப் பார்த்தேன். பிறகு ஃபைல் இருக்கிற இடத்துக்குப் போனேன். டவுன்லோடுக்குள் குயிக் ஷேர் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கும், வாங்கினதெல்லாம் அதில்தான் கிடக்கும். திறந்தால் அக்காவின் ஆதார் அட்டை. அதை ஒட்டியே அந்தக் கல்.

சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன். நாற்பது நொடியும் முழுசாக இருந்தது. விவரம் என்கிற இடத்தைத் தொட்டால் எடுத்த தேதி, பகல் இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷம் என்று எழுதியிருந்தது. நான் எடுத்தபடியே, ஒன்றும் குறையாமல்.

தங்கச்சி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஆதாருன்னு நெனச்சுத்தான் தொட்டேன்" என்றாள். "மேட்டுல போயித்தான் பாத்தேன், வேற வந்திருக்குன்னு."

"அப்பயே சொல்லிருக்கலாம்ல."

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள சூப்பர்வைசரு இவுகளக் கூப்புட்டு விட்டாரு." இவுக என்றது வாசலில் இருந்தவரை. "வர்ற வருசமும் ஒஞ்சீப்புத்தான் ஓடும், வீட்டுல பொம்பளைகள வாயத் தொறக்காம இருக்கச் சொல்லுன்னு. சீப்புக்கு இன்னும் எத்தன தவண இருக்குன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?"

"நான் ஒங்கிட்ட வந்து கேட்டேன்ல. ரெண்டு தடவ கேட்டேன்."

"கேட்ட."

"அக்காவுக்கு நீதானடி தண்ணி குடுத்த."

"குடுத்தேன்ல" என்றாள் அவள், அது கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது போல. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. சின்ன வயசில்கூட அவளை நான் அடித்ததில்லை.

ஏன் அதை அழிக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். அழிக்கப் போனாளாம், கை வரவில்லையாம். நல்ல மனசு என்று இதைச் சொல்வதா? எனக்குத் தெரியவில்லை. அழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஒன்றரை மாசம், அக்கா வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு, அவளுடைய மகன் வட்டிக்காரனிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, இடுப்பில் இதைச் செருகிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"எடுத்துக்க. யாராச்சும் கேட்டா என்னமாச்சும் சொல்லிரு. எங்க வீட்டுலருந்து வந்துச்சுன்னு மட்டும் சொல்லாத" என்றாள். பிறகு பின்பக்கம் குழாயடிக்குப் போய், அலசின கறியையே திரும்ப அலச ஆரம்பித்தாள். போன் என் கையிலேயே இருந்தது.

அவள் வீட்டில் நெட் இருந்தது. வாட்ஸப்பில் போட்டிருக்கலாம். அதில் போட்டால் வீடியோவைச் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் போய்விடும் என்று பாய் சொல்லியிருந்தார். அதோடு, அவள் பெயரில் ஒரு தடம் நின்றுவிடும். அவளுக்காக அதையும் யோசித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. என் போனைத் திறந்துவைத்தேன். இடது கையில் அவள் போன், வலது கையில் என் போன். நான்கு எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நானே கொடுத்து நானே வாங்கினேன். நொடியில் வந்துவிட்டது. அவள் போனைச் சேலை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அவளுடைய வீட்டுக்காரர், சாப்பிட்டுட்டுப் போகலாம்ல என்றார். ஈரத் துணி கையிலேயே இருந்தது. முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அன்றைக்கே பாய் கடையில் அக்காவின் மகனுக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன். மறுநாள் இருவருமாக முதலாளி வீட்டுக்குப் போனோம். முதலில், இது வேறு ஏதாவது நாள் எடுத்ததாக இருக்கும் என்றார். விவரத்தைத் திறந்து தேதியைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஆதியோடந்தமாக மூன்று தடவை ஓடவிட்டார். இரண்டாவது தடவை, "ஒரே நடையா எறக்கிரு" வந்தபோது, சூப்பர்வைசரின் பெயரைத் தனக்குள் சொல்லிக்கொண்டார். இது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். நான் எடுத்தது, என்னிடம் இருந்தது என்றேன். அது பொய் இல்லை.

கேசு வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறேன் என்றார். அக்காவின் மகன் சரி என்றுவிட்டான். அவனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. எழுதி வாங்கு என்று நான் முழங்கையால் இடித்தேன். எழுதிக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஒருநாள் என்னை எடைபோடுகிற இடத்தில் நிறுத்தி, "நீ அழிச்சிட்டேன்னுதான ஆத்தா சொன்ன?" என்றார், நான் அவருக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி. சாக்கைத் தராசில் ஏற்றினேன். மறு வாரம் என்னைக் காய் எடுப்பிலிருந்து களை வெட்டுக்கு மாற்றிவிட்டார். ஜீப் ஓட்டமும் வேறு ஆளுக்குப் போயிற்று. வீடியோ யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் ஸ்டோரில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்திருப்பார். எண்ணுவதற்கு என்ன படிப்பு வேண்டும்?

தங்கச்சி இப்போது குரங்கணிப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகிறாள். காதுகுத்துக்கு என்னை அழைக்கவில்லை. பத்திரிகை அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறது. அக்கா, கோலை ஊன்றிக்கொண்டு, நீயும் வா, உன் கூடப் பிறந்தவள்தானே என்கிறாள். தங்கச்சி கஞ்சி கொண்டுவந்ததை இன்னும் பெருமையாகச் சொல்கிறாள். வீடியோ தங்கச்சியிடம் இருந்ததை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நன்றாக இருக்குமா, சொல்லாமல் இருப்பதும் அந்த ஐந்து பேர் செய்ததுதானா என்று நினைத்துக்கொண்டே களை வெட்டுகிறேன்.

முதலாளி முதலில் ஐம்பதாயிரம் கொடுத்தார். அடுத்த எடுப்பு முடிந்து காய் விற்றதும் இருபத்திரண்டாயிரம். அதற்கப்புறம் விலை இறங்கிவிட்டது, பொறு என்கிறார். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் இன்னும் வரவேண்டியது அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.